யார் கட்ட வேண்டும்? ஓர் உதவித்தொகைக் கடிதத்தைப் பெற்றோருக்காகத் தமிழாக்கியபோது

மே மாத நடுவில் ஒரு நாள் மாலை, சங்கரன்கோவில் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி என்னைத் தேடித் திருநெல்வேலிக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அவருடைய மகளுக்குச் சிங்கப்பூரில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. அதோடு ஒரு நிறுவனம் நான்கு ஆண்டுக்கும் உதவித்தொகை தருவதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. கடிதம் நான்கு பக்கம், அதோடு இணைத்த ஒப்பந்தப் பத்திரம் பதினொரு பக்கம், எல்லாம் ஆங்கிலம். பதினான்கு நாளுக்குள் ஒப்புதல் அனுப்ப வேண்டும். ஐந்து நாள் ஏற்கெனவே போய்விட்டது.

மகள் ஆங்கிலத்தில் படித்தவள்தான். கடிதத்தை அப்பாவுக்குச் சொல்லியும் இருக்கிறாள். "நாலு வருசம் அவங்களே பாத்துக்கிடுவாங்க, அப்புறம் மூணு வருசம் அங்கயே வேல பாக்கணும்னு பாப்பா சொல்லுதா. ஆனா நானும் மச்சானும் கையெழுத்து போடணும்னு இருக்காம். கையெழுத்து போடுத இடத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எப்படிப் போட?" என்றார். பிள்ளை சொன்னது பொய்யில்லை. ஆனால் பிள்ளை தனக்கு என்ன கிடைக்கிறது என்று வாசித்திருக்கிறாள். அப்பா தன் தலையில் என்ன விழுகிறது என்று கேட்கிறார்.

இந்த வேலையில் நான் முதலில் செய்த தவறையும், அது எப்படித் தெரியவந்தது என்பதையும்தான் இங்கே எழுதுகிறேன். இத்தகைய கடிதங்களை வீட்டுக்காரர்களுக்காகத் தமிழாக்குகிறவர்கள் எல்லோருக்கும் இது நேரக்கூடியது.

முதல் வரைவை இரண்டு நாளில் முடித்தேன். விதி எண்களை மாற்றாமல் வரிக்கு வரி வைத்திருந்தேன், சொற்களும் சரியாகவே இருந்தன. பத்திரத்தின் ஒன்பதாம் விதியை இப்படி எழுதியிருந்தேன்: "உதவித்தொகை பெறுபவர் படிப்பிலிருந்து விலகினாலோ, உதவித்தொகை முடிவுக்குக் கொண்டுவரப்பட்டாலோ, பணிக்கடமை நிறைவேற்றப்படாவிட்டாலோ, வழங்கப்பட்ட முழுத்தொகையும் ஆண்டுக்கு 10 சதவீதக் கூட்டு வட்டியுடன் திருப்பிச் செலுத்தப்பட வேண்டும். உத்தரவாதமளிப்போரின் பொறுப்பு கூட்டானதும் தனித்தனியானதும் ஆகும்."

மூன்றாம் நாள் அண்ணாச்சி வந்தார். ஒவ்வொரு விதியாக வாய்விட்டு வாசித்தேன். ஒவ்வொன்று முடிந்ததும், "இதுல என்ன சொல்லியிருக்கு, நீங்க சொல்லுங்க" என்று கேட்டேன். ஒன்பதாம் விதிக்கு அவர் சொன்ன பதில்: "பாப்பா வேலைக்குப் போகலைன்னா பாப்பா கட்டணும். நாங்க ரெண்டு பேரும் அவளுக்கு நல்ல பிள்ளைன்னு உத்தரவாதம் சொல்லுதோம்."

அதாவது, என் தமிழில் அவர் இல்லை. "செலுத்தப்பட வேண்டும்" என்று எழுதினால் தமிழில் கட்டுகிறவர் மறைந்துவிடுகிறார். ஆங்கிலச் சட்ட நடையிலும் இப்படி ஆளை மறைக்கும் வாக்கியங்கள் உண்டு. ஆனால் வக்கீல் அங்கே முன்னுள்ள வரையறைப் பகுதியைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். கடைக்காரர் அப்படி வாசிக்க மாட்டார். மூலத்தில் அந்த விதியின் தொடக்கத்திலேயே மாணவியும் இரண்டு பிணையாளர்களும் கட்ட வேண்டியவர்கள் என்று தெளிவாக இருந்தது. நான்தான் வாக்கியத்தை இரண்டாக உடைத்தபோது அந்த எழுவாயைத் தவறவிட்டு, பொறுப்பைக் கடைசியில் ஒரு பெயர்ச்சொல்லாக ஒட்டிவிட்டேன்.

"உத்தரவாதம்" என்ற சொல் அதைவிடக் கெடுதல் செய்தது. அகராதிப்படி அதில் பிழை இல்லை. ஆனால் மிக்சி வாங்கினால் தருவதும் உத்தரவாதம், ஒருவன் நல்லவன் என்று சொல்வதும் உத்தரவாதம். அதில் பணம் போகும் பயமே இல்லை. "பிணையாளர்" என்று எழுதியிருந்தால் நீதிமன்றச் செய்தி போல இருந்திருக்கும். எங்கள் பக்கத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிய எல்லோருக்கும் தெரிந்த சொல் ஒன்று இருக்கிறது: ஜாமீன் கையெழுத்து. அடுத்தவன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டுத் தன் நகையை விற்றவர்கள் ஊருக்கு நாலு பேராவது உண்டு. ஆகவே இரண்டாவது வரைவில் "ஜாமீன்தாரர்" என்று மாற்றினேன். விதியையும் திரும்ப எழுதினேன்:

"மகள் படிப்பை விட்டு விலகினாலோ, உதவித்தொகை நிறுத்தப்பட்டாலோ, மூன்று ஆண்டு வேலையை முடிக்காவிட்டாலோ, அதுவரை நிறுவனம் கொடுத்த பணம் முழுவதையும் மகளும் முதல் ஜாமீன்தாரரும் (தந்தை) இரண்டாம் ஜாமீன்தாரரும் (தாய்மாமன்) கட்ட வேண்டும். நிறுவனம் மூவரிடமும் சேர்த்துக் கேட்கலாம். மூவரில் யாராவது ஒருவரிடம் மட்டும் முழுத்தொகையையும் கேட்கலாம்."

"கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்பது சட்டத் தமிழில் நிலைத்த தொடர்தான். ஆனால் அதைக் கேட்கிற பலரும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். "தனித்தனியாக" என்ற சொல்லே பங்கு பிரிப்பதை நினைவூட்டுகிறது. அதனால் அந்தத் தொடரை அடைப்புக்குறிக்குள் விட்டு, பொருளை முன்னால் வைத்தேன். அண்ணாச்சி இரண்டாம் முறை கேட்டபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப மச்சான் ஒருத்தர் வீட்டு வாசல்ல மட்டும் வந்து நிக்கலாம், அப்படித்தான?" என்றார். அப்படித்தான். இந்தியாவிலும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு இதையே சொல்கிறது. வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்காரரின் பொறுப்பும் ஒரே அளவு.

வட்டி பற்றி ஒரு தனிச் சிக்கல். "10 சதவீத வட்டி" என்று தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் சொன்னால் அதை ஆண்டு வட்டியாக யாரும் எடுக்க மாட்டார்கள். "ரெண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். "பத்து வட்டி" என்றால் மாதம் பத்து ரூபாய், அதாவது ஆண்டுக்கு 120 சதவீதம். அண்ணாச்சியுடன் கூட வந்திருந்த அவர் அண்ணன் முதல் வாசிப்பில் பதறியது இதனால்தான். "ஆண்டுக்கு" என்று நான் எழுதியிருந்தும் அவர் காதில் "பத்து வட்டி" மட்டுமே விழுந்தது. கடைசி வரைவில் இரண்டு கணக்கையும் சேர்த்துச் சொன்னேன்: ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து, அதாவது ஊர்க் கணக்கில் மாதம் நூற்றுக்கு ஏறத்தாழ 83 பைசா, ஆனால் ஆண்டுதோறும் வட்டியும் முதலோடு சேரும். பதற்றம் ஒரு பக்கம் இறங்கியது. ஆனால் "வட்டிக்கு வட்டி" என்பது மறுபக்கம் ஏறியது. அது ஏற வேண்டியதுதான்.

வட்டி எந்த நாளிலிருந்து ஓடும் என்பதும் விதியில் இருந்தது: ஒவ்வொரு தவணையும் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து. விதியை மீறிய நாளிலிருந்து என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். வங்கிக் கடனில் தவணை தவறினால்தான் அபராதம் என்ற பழக்கம் அது. இதை வார்த்தையால் விளக்கிப் புரியவைக்க முடியவில்லை, கணக்குப் போட்டுக் காட்டினேன். கடிதத்தின்படி ஆண்டுக்கு 20,000 சிங்கப்பூர் டாலர், ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும். நான்கு ஆண்டில் 80,000. ஒவ்வொரு தவணைக்கும் கொடுத்த நாளிலிருந்து 10 சதவீதம் ஏற்றினால், பட்டம் வாங்கும் நாளில் அது 1,02,102 டாலர். வேலைக்கே போகாமல் ஊர் திரும்பினால் கட்ட வேண்டியது அது. இரண்டு ஆண்டு முடிவில் படிப்பை விட்டால் 46,200. நாங்கள் உட்கார்ந்திருந்த அன்று ஒரு சிங்கப்பூர் டாலர் ஏறத்தாழ 62 ரூபாய் என்று வைத்துப் பார்த்தோம். முதல் தொகை 63 லட்சத்தைத் தாண்டியது, இரண்டாவது 28 லட்சத்து 64 ஆயிரம். ரூபாய்க் கணக்கை மொழிபெயர்ப்புக்குள் நான் எழுதவில்லை. கடன் டாலரில் இருக்கிறது, ரூபாய் விலை மாறினால் அந்தத் தாள் பொய்யாகிவிடும். அதைத் தனித்தாளில், தேதி போட்டு, "இது மொழிபெயர்ப்பு அல்ல, கணக்கு உதாரணம்" என்று தலைப்பிட்டுக் கொடுத்தேன்.

பணிக்கடமை பற்றிய பகுதி எளிதாகவே போனது. "பாண்ட்" என்ற சொல்லே போதும். ஐடி கம்பெனிகளால் அது ஊர்ச்சொல் ஆகிவிட்டது. ஒரு கேள்வி மட்டும் வந்தது. சிங்கப்பூர் அரசின் கல்விக் கட்டண மானியத்தை வாங்கும் வெளிநாட்டு மாணவர்களும் படிப்பு முடிந்தபின் மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனங்களில் வேலை பார்க்க வேண்டும், அதற்குத் தனி ஒப்பந்தம். இந்த உதவித்தொகை அந்த மானியம் போக மீதிக் கட்டணத்தையும் செலவையும்தான் ஏற்றுக்கொள்கிறது. அதற்கும் மூன்று ஆண்டு. "மூணா, ஆறா?" என்று கேட்டார் அண்ணாச்சி. கடிதத்தில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல் இதற்குப் பதில் வைத்திருந்தது: "கன்கரன்ட்லி". "உடனிகழ்வாக" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. "இரண்டு மூன்றாண்டுகளும் ஒரே காலத்தில் ஓடும், ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று இல்லை" என்று எழுதினேன். ஆனால் இடையில் விட்டால் இரண்டு ஒப்பந்தமும் தனித்தனியே பணம் கேட்கும் என்பதையும் அடுத்த வரியிலேயே சேர்த்தேன். காலம் ஒன்றாக ஓடினால் கடனும் ஒன்று என்று நினைப்பது இயல்பு.

இனி, புதுப்பித்தல். இந்தப் பகுதியில்தான் மகளுக்கும் அப்பாவுக்கும் சண்டை வந்தது. அதனால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

கடிதத்தின் முதல் பக்கம் "நான்கு ஆண்டு உதவித்தொகை" என்றது. மூன்றாம் பக்கம் ஆண்டுதோறும் புதுப்பிக்க "மே" என்ற வினையைப் போட்டிருந்தது. மற்ற இடங்களில் மாணவி செய்ய வேண்டியவற்றுக்கெல்லாம் "ஷல்". ஒரே பக்கத்தில் இரண்டும் கலந்து வரும்போது அந்த வேறுபாட்டைத் தமிழில் காப்பாற்றியே ஆக வேண்டும். "ஷல்" வந்த எல்லா இடத்திலும் "வேண்டும்". "மே" வந்த இடத்தில் "புதுப்பிக்கப்படலாம்" என்று எழுதினால், அனுமதி போல, நல்ல செய்தி போலக் கேட்கிறது. "எல்லா நிபந்தனையும் நிறைவேறினாலும், புதுப்பிப்பதா இல்லையா என்பதை நிறுவனமே முடிவு செய்யும்" என்று எழுதினேன். விதியின் பிற்பகுதியில் நிறுவனத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது என்ற தொடர் இருந்ததால் இது என் கற்பனை இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னேன், அவ்வளவுதான். மகளுக்கு இது பிடிக்கவில்லை. "எல்லாருக்கும் புதுப்பிக்கத்தான் செய்வாங்க அங்கிள், நீங்க அப்பாவைப் பயமுறுத்துறீங்க" என்றாள். நடைமுறையில் அவள் சொன்னபடி இருக்கலாம். ஆனால் நடைமுறையை மொழிபெயர்க்க எனக்கு உரிமையில்லை, தாளில் இருப்பதைத்தான் மொழிபெயர்க்க முடியும். அவள் மூத்த மாணவர்களிடம் கேட்டறிந்ததை அவளே அப்பாவிடம் சொல்லட்டும் என்றேன். சொன்னாள்.

மதிப்பெண் நிபந்தனை: ஒவ்வொரு கல்வியாண்டின் இறுதியிலும் ஒட்டுமொத்தத் தரப்புள்ளி சராசரி 5க்கு 3.5க்குக் குறையக் கூடாது. அண்ணாச்சி உடனே வகுத்துப் பார்த்து, "எழுவது சதவீதம். பாப்பா பன்னெண்டாப்புல 560 எடுத்தவ, 600க்கு. இது என்ன பெரிய விசயமா?" என்றார். முதல் வரைவில் எண்ணை மட்டும் எழுதி விட்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் 5 புள்ளி அளவுதான். அதில் ஏ கிரேடுக்கு 5, ஏ மைனஸுக்கு 4.5, பி பிளஸுக்கு 4, பி கிரேடுக்கு 3.5. எனவே 3.5 என்பது எல்லாப் பாடத்திலும் சராசரியாக பி கிரேடு. கிரேடு வெறும் மார்க்கால் மட்டுமே வருவதும் இல்லை. கூடப் படிப்பவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதும் அதில் சேரக்கூடும். கூடப் படிப்பவர்களோ பல நாட்டில் முதல் வரிசையில் நின்றவர்கள். மார்க்கைச் சதவீதமாக மாற்றி எழுதும் மொழிபெயர்ப்பு, நல்ல நோக்கத்தோடு செய்தாலும், பிழையான மொழிபெயர்ப்பு. எண்ணை அப்படியே விட்டு, "இது மார்க் சதவீதம் அல்ல" என்ற ஒரு குறிப்பை அடியில் சேர்த்தேன்.

"ஒட்டுமொத்த" என்ற சொல்லும் அப்படியே புரியவில்லை. அண்ணாச்சியின் மனைவி, அதுவரை பேசாமல் இருந்தவர், சரியான கேள்வியைக் கேட்டார். முதல் பருவத்தில் புது ஊர், புதுச் சாப்பாடு, பிள்ளை கொஞ்சம் சறுக்கி 3.2 எடுத்து, அடுத்த பருவத்தில் 3.7 எடுத்தால் தேறிவிடுமா? இரண்டு பருவத்திலும் பாடச்சுமை சமம் என்றால் சராசரி 3.45. தேறாது. முதலில் சறுக்கிய 0.3ஐ அடுத்த பருவத்தில் 3.8 எடுத்துத்தான் சரிக்கட்ட முடியும். இந்த உதாரணத்தையும் அந்தத் தனித்தாளில் அம்மா கேட்டபடியே எழுதி வைத்தேன்.

குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆங்கிலத்தில் "ப்ரொபேஷன்" என்றிருந்தது. அகராதி தரும் "தகுதிகாண் பருவம்" புது வேலையில் சேர்ந்தவருக்கு உரியது, அதைக் கேட்டால் நல்லதாகவே தோன்றும். "நன்னடத்தைக் கண்காணிப்பு" என்றால் குற்றம் செய்தவர் போல ஆகிவிடும். இரண்டையும் விட்டு "எச்சரிக்கைப் பருவம்" என்று வைத்து, அதன் விளைவை விதியில் உள்ளபடியே எழுதினேன்: அந்த ஒரு பருவத்துக்கு மாதச் செலவுப் பணம் வராது, பருவ முடிவிலும் 3.5 வராவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும்.

இங்கேதான் இந்தக் கடிதத்தின் உண்மையான முடிச்சு இருந்தது. "நிறுத்தப்படும்" என்பதற்கு மூன்றாம் பக்கத்தில் வந்த அதே ஆங்கிலச் சொல்தான் பத்திரத்தின் ஒன்பதாம் விதியிலும் இருக்கிறது: "டெர்மினேட்". அப்படியானால், ஒழுங்காகப் படித்தும் 3.4 எடுத்து உதவித்தொகை நின்றுபோன பிள்ளையும் வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டுமா? அல்லது ஒன்பதாம் விதி ஒழுங்கீனத்துக்காக நிறுத்தப்படுவதை மட்டும் குறிக்கிறதா? இரண்டு விதமாகவும் வாசிக்க இடம் இருந்தது. மூலத்தில் தெளிவில்லாத இடத்தை மொழிபெயர்ப்பாளர் தன் ஊகத்தால் தெளிவாக்கிவிட்டால், அது பெற்றோருக்குச் செய்யும் பெரிய தீங்கு. ஏனென்றால் அந்த ஊகத்தை நம்பித்தான் அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். நான் இரண்டு பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "மூலத்தில் தெளிவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளவும்" என்று குறித்தேன். மகள் அன்றிரவே மின்னஞ்சல் அனுப்பினாள். கேள்வியை ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி எழுதச் சொன்னேன்: மதிப்பெண் குறைவால் மட்டும் உதவித்தொகை நின்றால், அதுவரை பெற்ற தொகைக்கு ஒன்பதாம் விதி பொருந்துமா?

இரண்டு வேலைநாளில் பதில் வந்தது. பொருந்தும். ஆனால் உடல்நலக் குறைவு போன்ற காரணங்கள் இருந்தால், விண்ணப்பித்தால், தொகையைக் குறைப்பது பற்றி நிறுவனம் பரிசீலிக்கும். மகள் அதை வாசித்துவிட்டு அழுதாள் என்று அவள் அம்மா பிறகு சொன்னார். அவளுக்கும் அது அதுவரை தெரியாது. அந்த மின்னஞ்சலையும் தமிழாக்கி ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். வாய்ப்பேச்சாக வந்த பதிலாக இருந்தால் சேர்த்திருக்க மாட்டேன்.

கடைசி இரண்டு விதிகளைப் பொதுவாக எல்லோரும் வேகமாகக் கடந்துவிடுவார்கள். ஒன்று, ஒப்பந்தத்துக்குச் சிங்கப்பூர்ச் சட்டமே பொருந்தும் என்பது. "அவங்க அங்க கேஸ் போட்டா எனக்கு என்ன?" என்று தாய்மாமன் தொலைபேசியில் கேட்டார். சட்ட ஆலோசனை சொல்வது என் வேலையல்ல, சங்கரன்கோவிலில் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொன்னேன். வக்கீல் சொன்னது அவருக்குப் போதுமானதாக இருந்தது. சிங்கப்பூர், இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி பரஸ்பர அங்கீகாரம் பெற்ற நாடுகளில் ஒன்று. அங்குள்ள உயர் நீதிமன்றம் தரும் பணத் தீர்ப்பை இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து நிறைவேற்றக் கேட்கலாம். இன்னொரு விதி, ஆங்கில மூலமே செல்லும், எந்த மொழிபெயர்ப்பும் செல்லாது என்பது. அதை நான் மறைக்கவில்லை, என் மொழிபெயர்ப்பின் முதல் பக்கத்திலேயே மேலே போட்டேன். நான் எழுதிய தாளை வைத்துக்கொண்டு அவர் எங்கேயும் வாதாட முடியாது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

மாமா கையெழுத்துப் போடவில்லை. அவருக்கும் ஒரு பெண் கல்லூரி போகவேண்டிய வயதில் இருக்கிறாள், வீட்டின் மேல் ஏற்கெனவே ஒரு கடன். நேரில் வந்து அக்காவிடம் அதைச் சொல்லிவிட்டுப் போனார். வருத்தம் இருந்தது, சண்டை இல்லை. பத்து வட்டி என்று பதறிய அந்த அண்ணன்தான் இரண்டாம் ஜாமீன்தாரர் ஆனார். கையெழுத்துக்கு முன்னால் ஒன்பதாம் விதியை மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டபின், "சரி, எம்மேலயும் முழுசா வரும். தெரிஞ்சுதான் போடுதேன்" என்றார்.

மகள் ஆகஸ்டில் போனாள். டிசம்பரில் முதல் பருவ முடிவு வந்தது: 3.4. அண்ணாச்சி கடையிலிருந்து கூப்பிட்டார். குரலில் பதற்றம் இல்லை. தனித்தாளைக் கையில் வைத்திருந்தார். "அடுத்ததுல 3.6 எடுத்தாப் போதும், இல்லியா தம்பி?" என்று கேட்டார். பாடச்சுமை இரண்டு பருவத்திலும் ஒன்றுதானா என்று பாப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன்.